புதன்கிழமை மூன்று பதினைந்து

கல்முனையில் ஒரு தனியார் இரத்தப் பரிசோதனை நிலையத்தில் நான் வேலை செய்கிறேன். அங்கே புது மெஷின் ஒன்று வந்தது. அதை இயக்கப் பழகுவதற்கு என்னைக் கொழும்புக்கு அனுப்புவதென்று முதலாளி முடிவெடுத்தார். செவ்வாய், புதன், வியாழன், மூன்று நாள் பயிற்சி. கடைசி நாள் செய்முறைப் பரீட்சை. பாஸ் பண்ணினால்தான் சான்றிதழ்.

டிக்கெட் போடும் வேலையை என் கணவர் எடுத்துக்கொண்டார். அவர் பள்ளிக்கூட ஆசிரியர். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்து, புக்கிங் உறுதியான பக்கத்தைப் படம் பிடித்து எனக்கு வாட்ஸப்பில் அனுப்பினார். நான் குசினியில் சமைத்துக்கொண்டிருந்தேன். பயணத்துக்கு எடுக்கவேண்டியதை எல்லாம் போனில் ஒரு பட்டியலாக வைத்திருந்தேன்: அடையாள அட்டை, முதலாளியின் கடிதம், வெள்ளை கோட். ரயில் விவரத்தையும் அதில் சேர்க்க நினைத்து, அந்தப் படத்தை போனில் இருந்த ஏஐ செயலிக்குக் கொடுத்தேன். நாள், புறப்படும் நேரம், வகுப்பு, இருக்கை, நாலையும் எடுத்துத் தரும்படி கேட்டேன்.

உடனே தந்தது. திங்கட்கிழமை, மட்டக்களப்பிலிருந்து காலை ஆறு பத்து, இரண்டாம் வகுப்பு, இருக்கை இருபத்தொன்று, இருபத்திரண்டு. கீழே ஒரு குறிப்பும் போட்டிருந்தது: திரும்பும் பயணம் என்ற தலைப்பு மட்டும் தெரிகிறது, படம் அதோடு வெட்டுப்பட்டிருக்கிறது, அந்த விவரங்களை நிரப்பவில்லை.

இரண்டு இருக்கை என்றதில் கை நின்றது. நான் தனியாகத்தான் போவதாக இருந்தது.

"மத்த சீட் ஆருக்கு?" என்று கேட்டேன்.

"தங்கச்சிக்கு. நீங்க தனியப் போறது சரியில்லயெண்டு உம்மா செல்றா."

இவரின் தங்கச்சி, என் மதினி, நல்ல பிள்ளை, வந்தால் துணைதான். "படம் பாதியில வெட்டிக் கிடக்கு. முழுசா அனுப்புங்க" என்றேன்.

அனுப்பினார். செயலி மிச்சத்தையும் எடுத்துப் பட்டியலில் போட்டது. கொழும்புக் கோட்டை நிலையத்திலிருந்து பிற்பகல் மூன்று பதினைந்து, புதன்கிழமை. பிழையாக வாசித்துவிட்டது என்று நினைத்து, படத்தைப் பெரிதாக்கி நானே பார்த்தேன். புதன்தான்.

"பயிற்சி வியாழன்தானே முடியிற?"

"ரெண்டு நாள் காணாதா? மெஷினத் திறந்து மூடத்தானே காட்டப்போறாங்க."

"வியாழன்தான் பரீட்சை. அதுக்கு இருக்கோணும்."

அவர் கதிரையில் சாய்ந்தார். "போட்டாச்சு புள்ள. இனி மாத்த ஏலா."

நானே வியாழக்கிழமை ரயிலைத் தேடிப் பார்த்தேன். பௌர்ணமிப் போயா லீவு வருவதால் ஒரு இருக்கையும் இல்லை. பஸ்ஸில் வருகிறோம் என்றேன். ராவு பஸ்ஸில் இரண்டு பொம்புளைகளா என்று மாமி, இவரின் உம்மா, உள்ளே இருந்து கேட்டார். பயிற்சி நிலையத்துக்குப் போன் பண்ணி, பரீட்சையைப் புதன் காலையில் வைக்க முடியுமா என்று கேட்டேன். எடுத்த பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஒருவருக்காக மாற்ற முடியாது என்றாள். இதற்குமேல் கேட்க ஆள் இல்லை. பட்டியலில் எல்லா வரியும் நிரம்பியிருந்தது, நான் அதன்படி சாமான் அடுக்கினேன்.

செவ்வாய் நன்றாகவே போனது. புதன் பகல் சாப்பாட்டுக்குப் பிறகு மெஷினின் அளவு சரிபார்ப்பைத் தொடங்கினார்கள். முதல் மாதிரியை உள்ளே வைக்கச் சொல்லி என்னைத்தான் கூப்பிட்டார்கள். மணி ஒன்றரை. வாசலில் மதினி என் பையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு நின்றாள். போகவேண்டும் என்று பயிற்சி ஆசிரியரிடம் சொன்னேன். "நாளைக்கு வரமாட்டீங்களா?" என்றார். இல்லை என்றேன். கையுறையைக் கழற்றினேன்.

ரயிலில் எனக்கு யன்னலோர இருக்கை. மதினி பைகளை மேலே வைத்துவிட்டு என் பக்கத்தில் இருந்தாள்.

"மச்சி, நான் வரமாட்டேனெண்டு செல்லியிருந்தா உங்கள விட்டிருப்பாங்களா?"

"அப்ப போகவே ஏலாது. உங்களாலதான் இவ்வளவாவது."

பயிற்சிக்கு இரண்டு நாள் வந்ததாக ஒரு கடிதம் தபாலில் வந்தது. சான்றிதழ் இல்லை. அடுத்த பயிற்சிக்கு முதலாளி எங்கள் நிலையத்துப் பையன் ஒருவனை அனுப்பினார். இப்போது மெஷினில் அவன்தான். நான் இரத்தம் எடுத்து, போத்தலில் பெயர் எழுதி அவனிடம் கொடுக்கிறேன்.

சில கிழமைக்குப் பிறகு, சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது என் கணவர் தட்டைப் பார்த்தபடியே சொன்னார்: "வியாழன் எண்டு எனக்குத் தெரியும். மூணு ராவு எண்டா உம்மா விடமாட்டா. அதான் ரெண்டு நாளாப் போட்டன்."

"முதல்லயே செல்லியிருக்கலாமே."

"செல்லியிருந்தா நீங்க போயே இருக்கமாட்டீங்க."

அவர் சொன்னது சரிதான். நான் வியாழன் வேண்டுமென்று நின்றிருப்பேன், மாமி விட்டிருக்கமாட்டார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. சோத்துக்கு ஆணம் இன்னும் கொஞ்சம் வேணுமா என்று கேட்டேன். ஓம் என்றார்.