பூவாத்தாள் தள்ளி எடுத்த ரெண்டாவது சீட்டு

எங்கள் சீட்டில் ரெண்டாம் மாதமே எடுப்பவரை ஊர் ஒரு மாதிரியாகத்தான் பார்க்கும். கடன் கழுத்தை நெரிக்கிறது என்று அர்த்தம். கடைசியில் எடுப்பவருக்கு மரியாதை அதிகம். அந்த மரியாதைக்காகவே நான் ஐந்து சீட்டிலும் கடைசி ஆளாக இருந்தவன். திருப்பூரில் பட்டன், நூல் விற்கிற கடை எனக்கு. பூவாத்தாள் என் கடையின் பின்சந்தில் பவர் டேபிள் வைத்திருந்தாள், கம்பெனிகளுக்குக் கூலிக்கு பனியன் தைத்துக் கொடுக்கிற சின்னத் தையல் கூடம். நாலு மெஷின், ஆறு பெண்கள். ஏழாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு பனியன் கம்பெனியில் கைமடிக்க, அதாவது டெய்லருக்குத் துணியை மடித்துக் கொடுக்கப் போனவள் அவள். அவளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு நெஞ்சு கொஞ்சம் நிமிரும். சொந்தக்காரி ஒன்றும் இல்லை, ஆனால் நிமிரும்.

அந்த நாலு மெஷினும் அவளுடையவை அல்ல. மாதம் ஆறாயிரம் வாடகை. மெஷின்காரர் ஒரு நாள் வந்து, ஒரு லட்சத்து நாற்பதாயிரத்துக்கு விற்கப் போவதாகச் சொன்னார். பன்னிரண்டாம் தேதிக்குள் அவள் எடுக்காவிட்டால் அதற்கு விலை பேசியிருக்கிற பெருமாநல்லூர்க்காரர் ஒருவர் வண்டியோடு வந்து ஏற்றிக்கொண்டு போவார். மெஷின் போனால் ஆறு பெண்களுக்கும் வேலை போகும், இவள் திரும்பவும் கூலிக்குத்தான் போக வேண்டும்.

எங்கள் சீட்டை நடத்தியவர் நாச்சிமுத்து அண்ணன். இருபது பேர், மாதம் தலைக்குப் பத்தாயிரம், ரெண்டு லட்சச் சீட்டு. முதல் மாதம் முழுத்தொகையும் நடத்துகிற அவருக்கு. அதற்குப் பிறகு மாதாமாதம் ஏலம். ரெண்டு லட்சத்தில் யார் அதிகம் தள்ளுகிறாரோ, அதாவது விட்டுக்கொடுக்கிறாரோ, அவருக்கு மீதிப் பணம். தள்ளிய தொகையை இருபது பேருக்கும் அந்த மாதத் தவணையில் சமமாகக் கழித்துவிடுவார்கள், எடுத்தவருக்கும் அதில் பங்கு உண்டு. ரெண்டாவது ஏலம் பத்தாம் தேதி மத்தியானம், அவருடைய நூல் குடோனில்.

அன்றைக்குக் காலையில் அவள் என் கடைக்கு வந்தபோது நான் சும்மா இருந்திருக்கலாம். வாய் இருக்கவில்லை.

"அம்மிணி, நம்ம சீட்டுல இருக்கற சென்னியப்பன் அவன் ஆளுகளுக்கு போனஸ் குடுக்கோணும்னு வெறில இருக்கறான். அம்பதாயிரத்துக்கு மேல தள்ளுவான். அவன்கூடப் போட்டி போடாதீங்க. பஸ் ஸ்டாண்டு பைனான்ஸ்ல ஒன்றரை வட்டிக்குத் தர்றாங்களாமா."

"கேட்டேனுங்கண்ணா. ஒரு லட்சத்து முப்பதாயிரம் குடுப்பாங்களாமா. பதினெட்டு மாசத் தவணை."

"அப்பறம் என்ன? இங்க அம்பதைத் தூக்கி எறியறதுக்கு அது தேவலாமில்ல?"

அவள் என் கடை பட்டன் அட்டை ஒன்றைத் திருப்பி வைத்து எழுத ஆரம்பித்தாள். எழுத்து கோழி கிளறியது மாதிரி இருக்கும், கணக்கு சுத்தமாக இருக்கும்.

"அவங்க ஒன்றரைங்கறது முழு ஒண்ணு முப்பதுக்கும் பதினெட்டு மாசமும் போடற வட்டிங்கண்ணா. பாதிக் கடனை நான் அடைச்ச பின்னாடியும் முழுசுக்குத்தான் வட்டி. முப்பத்தஞ்சாயிரத்து நூறு. பேருக்கு ஒன்றரை, குறையற கடனுக்குப் பாத்தா ரெண்டரைக்கு மேல போகுது."

"சரி, இங்க?"

"அம்பத்தி நாலு தள்ளறேன்னு வைங்க. அம்பத்தி நாலும் நட்டமில்ல. மாசாமாசம் எனக்கும் கழிவு வருமில்ல? போன சீட்டுல தலைக்கு எவ்வளவு வந்துச்சு, நீங்களே சொல்லுங்க."

போன சீட்டும் இதே அளவுதான். இருபத்தைந்தாயிரத்துச் சொச்சம் என்றேன். கடைசி ஆளான எனக்கு அது மனப்பாடம்.

"இந்தச் சீட்டும் அப்படியே போச்சுன்னா, அம்பத்தி நாலுல அதைக் கழிங்க. இருபத்தெட்டு, இருபத்தொம்பதாயிரம். அதுதான் எனக்குச் செலவு. கைக்கு வர்ற ஒண்ணு நாப்பத்தாறுல நான் ரெண்டு மாசம் கட்டினது போக, மத்தவங்க காசு என் கையில ஒண்ணு இருபத்தெட்டு இருக்கும். இதையும் குறையற கடனுக்குப் பாத்தா நூத்துக்கு மாசம் ரெண்டு ரூவாய்ப் பக்கம் வருது. அறுபது வரைக்கும் போகலாம். அதுக்கு மேல போனா மெஷின் வாங்கக் காசு பத்தாது."

ஏலம் முப்பதில் ஆரம்பித்தது. நாற்பத்தைந்தில் மற்றவர்கள் ஒதுங்கினார்கள். சென்னியப்பனும் இவளும் மட்டும் ஏறிக்கொண்டே போனார்கள். ஐம்பதைத் தாண்டியதும் குடோனில் சிரிப்பு. "பூவாத்தா, மிச்சத்துல மெஷினுக்கு ஊசியாச்சும் வாங்குவியா?" என்றான் ஒருத்தன். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்குத்தான் வேர்த்தது.

"அம்பத்தி மூணு," என்றான் சென்னியப்பன்.

"அம்பத்தி நாலுங்க."

சென்னியப்பன் கையை விரித்தான். நாச்சிமுத்து அண்ணன் மூணு தரம் சொல்லி முடித்தார். ஒரு லட்சத்து நாற்பத்தாறாயிரத்தை எண்ணி வாங்கிக்கொண்டு அவள் நேராக மெஷின்காரர் வீட்டுக்குப் போனாள். மிச்சம் ஆறாயிரத்தில் மோட்டார் பெல்ட் நாலும் மாற்றினாள். அந்த மாதம் எங்கள் எல்லோருக்கும் தலைக்கு ரெண்டாயிரத்து எழுநூறு கழிந்தது. நான் வெட்கமில்லாமல் ஏழாயிரத்து முன்னூறு கட்டினேன்.

அதற்குப் பிறகு தள்ளுவது மாதாமாதம் மூவாயிரம் மூவாயிரமாகக் குறைந்துகொண்டே வந்தது. எல்லோருக்கும் கழிவும் குறைந்தது, கட்டுவது ஏறியது. ஒரு மாதம்கூட அவள் தவணை பத்தாம் தேதியைத் தாண்டவில்லை. வாடகைக்குப் போன ஆறாயிரம் தவணைக்குக் கைகொடுத்தது. பத்தாவது மாதம் ஐந்தாவது மெஷினும் வந்தது.

இருபதாம் மாதம் நான் ரெண்டு லட்சத்தையும் வாங்கினேன். கட்டியது ஒரு லட்சத்து எழுபத்து நாலாயிரத்து முன்னூற்றைம்பது. லாபம் இருபத்தைந்தாயிரத்து அறுநூற்றைம்பது. எனக்கு மனசு ஆறவில்லை. அவள் பவர் டேபிளுக்கே போய்ப் புலம்பினேன்.

"இருவது மாசம் காசைப் பூட்டி வெச்சு, மாசத்துக்கு முக்கால் வட்டிகூட வரல அம்மிணி. ஊரு என்னைக் கெட்டிக்காரன்னு சொல்லுது. நீங்க ரெண்டாவது எடுத்து அஞ்சு மெஷின் போட்டுட்டீங்க. அடுத்த சீட்டு நானும் ரெண்டாவதே எடுக்கறேன்."

அவள் மெஷினை நிறுத்தினாள்.

"இருவது மாசம் எங்கீங்கண்ணா பூட்டுனீங்க? முதல் பத்தாயிரம் பத்தொம்பது மாசம் இருந்துச்சு. கடைசிப் பத்தாயிரம் கட்டின அன்னைக்கே திரும்பி வந்துருச்சு. சராசரி பாத்தா ஒம்பது மாசந்தான். ஒம்பது மாசத்துக்கு இந்த லாபம்னா மாசம் ஒன்றரைக்கு மேல. எந்த பேங்க்ல தர்றான்?"

நான் நின்றபடியே விரல்விட்டுப் போட்டேன். சரியாகத்தான் வந்தது. ஐந்து சீட்டாக நான் இருபதால் வகுத்து வயிறு எரிந்திருக்கிறேன்.

"உங்களுக்கு?" என்று கேட்டேன்.

"இருபத்தெட்டாயிரத்து முன்னூத்தம்பது செலவு. ரெண்டு வட்டிக்குக் கொஞ்சம் மேல. அன்னைக்கு அட்டைல எழுதினதுதான். இந்த மெஷினுக அதைவிட ஜாஸ்தி சம்பாரிச்சுக் குடுத்துருச்சு."

"அப்ப நான் முன்னாடி எடுக்கட்டுமா, வேண்டாமா?"

"எடுத்து என்ன பண்ணுவீங்க?"

யோசித்தேன். கடையில் சரக்கு நிறைய இருக்கிறது. மகன் வேலையில் இருக்கிறான். வீட்டுக்கு வெள்ளை அடித்தாயிற்று. "சும்மா கையில இருக்கும்," என்றேன்.

"சும்மா வெச்சுக்கறதுக்கு ரெண்டு வட்டி கட்டுவீங்களா? கடைசியிலயே எடுங்கண்ணா. மூணாவது எடுக்கோணும்னு நம்ம கைமடி மல்லிகா இருக்கறா. அவளுக்கு மெஷின் வேணும். நான் கணக்குப் போட்டுக் குடுத்திருக்கறேன். அவ தள்ளுறதுல உங்களுக்கும் கழிவு வருமில்ல?"

அடுத்த சீட்டிலும் நான்தான் கடைசி. மூன்றாம் மாத ஏலத்தில் மல்லிகா எழுந்து ஐம்பது என்றபோது ஒருத்தரும் சிரிக்கவில்லை. அவள் கையில் இருந்த அட்டையில் பூவாத்தாளின் கோழிக் கிளறல் இருந்தது. சென்னியப்பன் எட்டிப் பார்த்துவிட்டு, அதற்கு மேல் கேட்காமல் உட்கார்ந்தான்.