விலையே நானூத்தி இருபது

ரேஷன் கடை வரிசையில் எனக்கு முன்னால் ஏழு பேர் இருந்தார்கள். கையில் பை, கார்டு, போன். காலையில் மொட்டைமாடியில் எடுத்த வீடியோவைப் போனில் என் விற்பனைப் பக்கத்தில் ஏற்றிவிட்டு வந்திருந்தேன். நான் தைத்த உள்பாவாடையை இரண்டு கையாலும் பிடித்து இழுத்து, தையல் விடாது என்று காட்டும் வீடியோ. பின்னணியில் ராஜகிரி மலை தெரிந்ததால் நன்றாக வந்திருந்தது. விலையைக் கீழேயே எழுதியிருந்தேன்: கூரியரோடு சேர்த்து நானூற்று இருபது.

போன் துடித்தது. முதல் கமெண்ட்.

"விலையே 420. பொருத்தமாத்தான் வெச்சிருக்காங்க. சந்தையில நூத்தியெண்பதுக்குக் கெடைக்குது."

ஏமாற்றுக்காரனுக்குச் சொல்லும் எண் அது என்பது விலை வைக்கும்போது எனக்குத் தோன்றவே இல்லை. துணி, நாடா, நூல், கூலி, கூரியர் எல்லாம் கூட்டி, எனக்கு நிற்க வேண்டிய லாபத்தைச் சேர்த்தால் அதுதான் வந்தது. கமெண்டுக்குக் கீழே சிரிக்கிற முகங்கள் ஒவ்வொன்றாக ஏறிக்கொண்டிருந்தன. ஒன்பது, பதினொன்று, பதினான்கு. வரிசை நகர்ந்தது. பின்னால் நின்றவர் "போம்மா" என்றார். நான் ஒரு கையால் பையை இடுக்கிக்கொண்டு கட்டைவிரலால் எழுதினேன்.

"வாங்க வசதி இருக்கறவங்க வாங்கட்டும்."

அனுப்பியதும் ஒரு கணம் நன்றாக இருந்தது. அரிசியை வாங்கினேன். வீட்டுக்கு நடந்து வரும் வழியில் நான்கு முறை போனை எடுத்துப் பார்த்தேன். ஐந்தாவது முறை, 420 என்று எழுதிய அந்தம்மாவின் பதில் வந்திருந்தது.

"நான் வசதி இல்லாதவதான். அத ஊரறியச் சொல்லிட்டீங்க. நன்றி."

பயத்தில் நான் எழுதியதை அழித்தேன். அது இன்னும் மோசமாயிற்று. யாரோ அதற்குள் அதைப் படம் பிடித்து வைத்திருந்தார்கள். "அழிச்சா போயிடுமா?" என்று அந்தப் படத்தையே கமெண்டில் போட்டார்கள். என் ஊர் எது, நான் யார் என்று தெரியாதவர்களெல்லாம் வந்து பேசினார்கள். அடுப்பில் சோறு வைத்துவிட்டுப் பார்த்தேன், குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டே பார்த்தேன். திரையில் புளித்தண்ணீர் பட்டு எழுத்துகள் தானாக நகர்ந்தன.

அந்த நேரத்தில்தான் ஒரு பெண் மரியாதையாகக் கேட்டாள். "சிஸ்டர், ரெண்டு எடுத்துக்கறேன். முந்நூறு முந்நூறு போட்டுத் தருவீங்களா?" இத்தனை பேர் திட்டும்போது ஒருத்தி வாங்குகிறேன் என்கிறாளே என்று, யோசிக்காமல் "சரிம்மா, உங்களுக்காக" என்று எழுதிவிட்டேன். எல்லோரும் பார்க்கிற இடத்தில்.

"எனக்கும் முந்நூறு."

"எனக்கும்தான்."

"அப்போ நூத்தியிருபது ரூபா சும்மாதான் ஏத்தி வெச்சிருந்தீங்களா?"

கடைசிக் கேள்வி நியாயமானது. அதைத் தாண்டி அடுத்த கமெண்டுக்குப் போனேன். நான்கு மணிக்குள் ஏழு பேருக்கு முந்நூறு என்று ஒத்துக்கொண்டிருந்தேன்.

என் நாத்தனார் வந்தாள். வெட்டுவது நான், தைப்பது அவள். ஒரு பாவாடைக்கு இவ்வளவு என்று அவளுக்குக் கூலி. வந்ததும் உட்காரவில்லை.

"இன்னா அண்ணி, முந்நூறுன்னு போட்டுகிறீங்க? ஒவ்வொண்ணுக்கும் நம்ம கைக்காசு பத்து ரூபா போவுது. துணியக் கொறைக்கப் போறீங்களா, என் கூலியக் கொறைக்கப் போறீங்களா?"

"ரெண்டும் இல்ல."

"அப்போ எதுலேர்ந்து?"

வெட்டி வைத்திருந்த துணியை அவள் பக்கம் நகர்த்தினேன். அவள் மெஷினில் உட்கார்ந்தாள். அன்று அவள் ஓட்டிய வேகத்தில் நூல் இரண்டு முறை அறுந்தது.

அடுத்து வந்தது ஒரு போன். விழுப்புரத்தில் டீச்சராக இருப்பவர், போன வாரம்தான் மூன்று வாங்கியவர். குரலை உயர்த்தவே இல்லை.

"நான் விலை கேக்கல. நீங்க சொன்னத கொடுத்தேன். கேக்காதவங்கதான் ஏமாந்தவங்களா?"

அந்தம்மாவின் 420 என்ற கிண்டலைவிட இது அதிகம் வலித்தது.

மறுநாள் துணி வாங்கத் திண்டிவனம் போக வேண்டியிருந்தது. பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்தும் வெளியே பார்க்கவில்லை. போனை அணைத்தேன், போட்டேன், மறுபடி அணைத்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண், "யாருக்காச்சும் உடம்பு சரியில்லயா?" என்று கேட்டாள். இல்லை என்றேன்.

துணிக் கடையில் எப்போதும் எடுக்கும் பருத்தி பாப்ளினுக்குப் பக்கத்தில் இன்னொரு துணி இருந்தது. மீட்டருக்கு முப்பது ரூபாய் குறைவு. பருத்தியோடு பாலியஸ்டர் கலந்தது. வீடியோவில் பார்த்தால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. இரண்டையும் விரலால் தேய்த்துத் தேய்த்துப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். இதில் தைத்தால் முந்நூறு கட்டுப்படியாகும். ஆனால் சித்திரை வெயிலில் இதைக் கட்டிக்கொண்டு பிசுபிசுக்கும் வேர்வையில் இருக்கப்போவது நானில்லை என்று நினைத்ததும் கையை எடுத்துக்கொண்டேன்.

வழக்கமான துணியையே எடுத்தேன். பில் போடும்போது, வாய்ப்பழக்கத்தில் சொன்னேன்: "கொஞ்சம் பாத்துப் போடுங்கண்ணா."

கடைக்காரர் தலையைத் தூக்கவில்லை. "முழு ரோலா எடுத்தா மீட்டருக்கு நாலு ரூபா கொறையும்மா. யாருக்குன்னாலும் அதான். முப்பது மீட்டருக்கு இதான் ரேட்டு. துணிய விரிச்சுப் பாத்துக்கோங்க, ஓட்டை கீட்டை இருந்தா மாத்தித் தர்றேன்."

பையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கிய பிறகுதான் உறைத்தது. நானும் பேரம் பேசியிருக்கிறேன். அவர் ஒரு ரூபாய்கூடக் குறைக்கவில்லை. எனக்குக் கோபம் வரவில்லை, சிறுத்துப்போனதாகவும் தோன்றவில்லை. அவர் என் வசதியைப் பற்றிப் பேசவில்லை. துணியைப் பற்றித்தான் பேசினார்.

திரும்பும் பஸ்ஸில் உட்கார இடமில்லை. நின்றுகொண்டே அந்தம்மாவுக்கு ஒரு பதிலை மனதுக்குள் எழுதினேன், அழித்தேன். வீட்டுக்கு வந்து நாத்தனாரிடம் படித்துக் காட்டினேன். "மன்னிச்சுடுங்கன்னு கெஞ்சற மாதிரி இருக்குது, அத எடுங்க" என்று ஒரு வரியை நீக்கச் சொன்னாள். "அப்படியே நானூத்திப் பத்தொம்போதுன்னு மாத்திடுங்க, கிண்டல் போயிடும்" என்றும் சொன்னாள். இரண்டு பேரும் சிரித்தோம். இரண்டு நாளில் அதுதான் முதல் சிரிப்பு. விலையை மாற்றவில்லை.

நான் திட்டியது எல்லோர் முன்னாலும் என்பதால், பதிலையும் அந்தம்மாவின் கமெண்டுக்குக் கீழேயே போட்டேன். இன்பாக்ஸுக்கு வாங்க என்று அழைக்கவில்லை.

"அக்கா, விலையக் கேட்டது உங்க தப்பில்ல. வசதியப் பத்தி நான் பேசினது என் தப்பு. இது ரெண்டேகால் மீட்டர் சுத்தக் காட்டன். வெட்டறதுக்கு முன்னாடியே நனைச்சுக் காயவெச்சிடறதால துவைச்சாச் சுருங்காது. ஆறு பாகமா வெட்டி, ஓரமெல்லாம் ரெட்டைத் தையல். அதனால 420. மூணு ஒண்ணா எடுத்தா ஒரே பார்சல்ல போறதால மொத்தத்துல எண்பது ரூபா குறையும். அது எல்லாருக்கும்தான்."

பிறகு தனியாக ஒரு பதிவு. நேற்று அவசரத்தில் முந்நூறு என்று சொன்னது என் தவறு, சொன்ன ஏழு பேருக்கு அந்த விலையிலேயே, அதே துணியிலேயே கொடுக்கிறேன், இனிமேல் ஒருவருக்கு ஒரு விலை இருக்காது என்று எழுதினேன். டீச்சருக்கு மூன்றுக்குமான வித்தியாசம் முந்நூற்றறுபதைத் திருப்பி அனுப்பினேன். அவர் வேண்டாம் என்று சொல்வார் என்று உள்ளுக்குள் ஒரு ஆசை இருந்தது. சொல்லவில்லை. வாங்கிக்கொண்டு, "சரி" என்று ஒரு வார்த்தை அனுப்பினார்.

அந்தம்மாவிடமிருந்து பதிலே இல்லை. பார்த்தாரா, இல்லையா? மூன்று நாள் அந்த இடத்தையே திறந்து திறந்து பார்த்தேன். துணியை வெட்டும்போது ஒரு பாகத்தைத் தலைகீழாக வெட்டிவிட்டேன். மற்றவர்கள் கேட்பதற்குப் பதில் சொல்வது மட்டும் கொஞ்சம் எளிதாயிற்று. "லாஸ்ட் பிரைஸ்?" என்று கேட்டவருக்கு மூன்று எடுத்தால் எவ்வளவு குறையும் என்று சொன்னேன். "ரொம்ப அதிகம்" என்றவரிடம், "உங்க இடுப்பளவு முப்பத்திரண்டுக்குள்ள இருந்தா நாலு பாகத்துல தைக்கலாங்க, துணி கொறைச்சல் போதும், விலை முந்நூத்தியறுபது" என்றேன். சிலர் வாங்கினார்கள். சிலர் பதில் பேசாமல் போனார்கள். போனவர்களை நினைத்து மனசு அடித்துக்கொண்டது.

நான்காம் நாள் காலை, கேட்டுக்கு வெளியே ஒரு அம்மா நின்றிருந்தார். ஐம்பது வயதிருக்கும். தலையில் துண்டு, கையில் மஞ்சப்பை.

"பாவாட தைக்கறது இங்கதான?"

"ஆமாங்க, உள்ள வாங்க."

"நீ போட்டிருந்த வெலாசத்தப் பாத்து தொண்டூருலேர்ந்து வர்றேன். 420ன்னு எழுதினது நான்தான். போன்ல எம்பொண்ணு எழுதிக் கொடுத்துச்சு."

என் கை கதவிலேயே நின்றுவிட்டது. நாத்தனார் மெஷினை நிறுத்தினாள்.

அவர் உட்கார்ந்தார். தண்ணீர் கொடுத்தேன், குடித்தார். மஞ்சப்பையிலிருந்து ஒரு பழைய பாவாடையை எடுத்து மடியில் போட்டார். பக்கத்துத் தையல் ஒரு முழத்துக்குக் கிழிந்திருந்தது.

"கொல்லையில மல்லாட்டச் செடி புடுங்க குந்தினா டர்ருன்னு போவுது. இதோட மூணாவது. உன்னுது கிழியாதுன்னு இழுத்துக் காட்டின. நெசமான்னு பாக்கத்தான் வந்தேன்."

ஒரு பாவாடையை எடுத்துக் கொடுத்தேன். அவர் அதை உள்பக்கமாகத் திருப்பி, ஒவ்வொரு தையலாக நகத்தால் கீறிப் பார்த்தார். எழுந்து நின்று புடவைக்கு மேலேயே கட்டிக்கொண்டு, எங்கள் அறையின் நடுவில் குந்தினார். எழுந்தார். மறுபடி குந்தினார். நானும் நாத்தனாரும் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"நல்லாத்தான் இருக்குது," என்றார். "வெல?"

"நானூத்தி இருபதுங்கக்கா."

"கூரியரோட சேத்துன்னு போட்டிருந்த. நான் பஸ்ஸேறி வந்துகிறேனே. கூரியரு எங்க?"

அவர் கேட்டது பேரமே இல்லை. கணக்கு. இங்கேயே வந்து வாங்கிப்போன பக்கத்துத் தெரு ஆட்களிடமும் நான் கூரியருக்கான ஐம்பது ரூபாயை வாங்கிக்கொண்டுதான் இருந்தேன். விலை முழுக்க நியாயம் என்று நான்கு நாளாக எழுதிக்கொண்டிருந்தவள், இதைப் பார்க்கவில்லை.

"நீங்க சொல்றது சரிக்கா. நேர்ல வந்தா முந்நூத்தியெழுபது. உங்களுக்கு மட்டுமில்ல, யாரு வந்தாலும்."

"அத எழுதிப் போடு," என்றார்.

அவர் எதிரிலேயே பதிவைத் திருத்தினேன். பக்கத்துத் தெரு ஆட்களை நினைத்துப் பார்த்தேன், ஐந்து பேர். வீடு தெரியும். நாத்தனார் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சாயங்காலம் போய்க் குடுத்துட்டு வந்துடலாம் அண்ணி" என்றாள்.

அந்தம்மா பணத்தை எடுக்கவில்லை. பாவாடையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் ஏதோ கேட்கப்போகிறார் என்று காத்திருந்தேன்.

"உள்ள ஒரு பை வெச்சித் தருவியா? ஜிப்பு போட்டு. கொல்லையில வேல செய்யறப்ப இந்தப் போன எங்க வெக்கறதுன்னே தெரியல."

"வெச்சித் தர்றேன்க்கா. ஜிப்பு, துணி, தையல் எல்லாம் சேத்து முப்பது ரூபா கூட ஆவும்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் வேறெதுவும் சேர்த்துச் சொல்லவில்லை.

"வெய்யி," என்றார். "எம்பொண்ணுக்கும் ஒண்ணு. அவளுக்கும் பை வெச்சே தெச்சுடு."

நாத்தனார் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.