வடக்கைத் தாண்டிப் போன எண்

எல்லப்பனுக்கு வாய் கொஞ்சம் நீளம். ஆனால் கைவேலை படு சுத்தம். மதுராந்தகம் ஏரிப் பக்கத்துக் கிராமங்களில் அவர் செம்புக்கம்பிக் காயில் சுற்றிக் கொடுத்த பம்புசெட் மோட்டார்கள் இன்னும் எத்தனையோ கிணற்றில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருக்கின்றன. அந்தக் கையை நம்பித்தான் ஒரு கான்ட்ராக்ட்காரர் அவரைக் கடல் வேலைக்குக் கூட்டிப் போனார். வயலைத் தவிர வேறு எதையும் பார்க்காத குடும்பம். "கடல்ல போயி இன்னாய்யா கரண்டு வேலை?" என்று சிரித்த மனைவி அம்சாவுக்கு, அப்புறம் அந்தச் சம்பளத்தில்தான் வூடு கட்டி ஆயிற்று.

ஒரு பார்ஜிலிருந்து இன்னொரு பார்ஜ், ஒரு கான்ட்ராக்ட்டிலிருந்து இன்னொரு கான்ட்ராக்ட் என்றே வருஷங்கள் ஓடின. இந்தத் தடவைதான் நிரந்தரம் என்ற பேச்சு வந்தது. மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை ஒன்றுக்காகக் கடலடியில் குழாய் பதித்திருந்தார்கள். அலை வந்து குழாயைத் தூக்காமல் இருக்க, இரண்டு பக்கமும் கான்கிரீட் பாளங்களை இறக்க வேண்டும். இந்த வேலை நல்லபடியாக முடிந்தால் எல்லப்பனுக்கு நிரந்தர ஆர்டர். அம்சா அதற்குள் மாரியம்மனுக்குப் பொங்கல் வேண்டிக்கொண்டாள்.

பார்ஜ் என்றால் ஏதோ அழகான கப்பல் என்று நினைத்துவிடாதீர்கள். மிதக்கும் தகர மேடை, அதன் மேல் ஒரு கிரேன், ஒரு மூலையில் கேபின், இன்னொரு மூலையில் சமையல்கட்டு. அவ்வளவுதான். நாலு மூலையிலும் நங்கூரம் போட்டு, நாலு கம்பிவடத்தையும் வின்ச் என்ற சுருட்டு எந்திரத்தை வைத்து இறுக்கிவிடுவார்கள். ஒன்றை இழுத்து ஒன்றைத் தளர்த்தினால் பார்ஜ் நகரும், திரும்பும்.

பாளம் எங்கே இறங்குகிறது என்று பார்ப்பது ரேணுகாவின் வேலை. படூரில் குடியிருக்கும் சர்வேயர் பெண். பெரிய படிப்பு, கொஞ்சமும் பந்தா கிடையாது. ஜிபிஎஸ் ஆன்டெனா இருப்பதோ கேபின் கூரை மேல். பாளம் தொங்கும் கிரேனின் மூக்கு இருப்பதோ பார்ஜின் மறுகோடியில். ஆன்டெனா எங்கே என்று செயற்கைக்கோள் சொல்லிவிடும். மறுகோடி எங்கே என்று தெரிய வேண்டுமானால் பார்ஜ் எந்தத் திசை பார்த்து நிற்கிறது என்றும் தெரிய வேண்டும். காந்தத் திசைகாட்டியை நம்ப முடியாது, கிரேன் கை திரும்பினாலே அதற்குக் கிறுக்குப் பிடித்துவிடும், சுற்றிலும் அத்தனை இரும்பு. அதற்காகத்தான் வடக்கைக் காட்டும் கைரோ. கேபினுக்குக் கீழே ஒரு பெட்டிக்குள் அது சுற்றிக்கொண்டே இருக்கும். அதற்குக் காந்தமும் வேண்டாம், இரும்பைக் கண்டு பயமும் கிடையாது. ஆனால் கரண்டு மட்டும் நிற்கக் கூடாது.

அன்று காலை பத்து மணிக்குக் கரண்டு நின்றுவிட்டது.

ஜெனரேட்டர் மாற்றும்போது ஒரு விநாடி கரண்டு போவது வழக்கம்தான். கைரோவுக்குத் தனி பேட்டரி உண்டு. அந்தப் பேட்டரியை முந்தின நாள் எல்லப்பனே கழற்றி, சார்ஜில் போட்டு, திரும்ப மாட்ட மறந்திருந்தார். இரண்டாவது ஜெனரேட்டர் சண்டி செய்தது. பார்ஜே கொஞ்ச நேரம் இருண்டு கிடந்தது. கரண்டு வந்ததும் அவர் ஓடிப்போய்ப் பெட்டியைத் தொட்டுப் பார்த்தார். உள்ளே சக்கரம் தளர்ந்துபோய், மறுபடி வேகம் எடுத்துக்கொண்டிருந்தது.

"அட நாசமாப் போச்சு!" என்று தன்னையே திட்டிக்கொண்டார். இது நிலைக்கு வர நாலைந்து மணி நேரம் ஆகும் என்று அவருக்கு நன்றாகவே தெரியும். ஆனால் கூடவே ஒரு ஆசையும் எழுந்தது. சக்கரம் முழுசாக நிற்கவில்லையே, சீக்கிரம் சரியாகிவிடாதா?

பார்ஜ் மாஸ்டர் தேவசகாயம் மேலிருந்து கத்தினார். "எல்லப்பா, மத்தியானத்துக்கு மேல அலை ஏறும்னு வானிலைல சொல்றான். கைரோ ரெடியா?"

ஒரு மணி நேரம் போலக் கழித்து ரேணுகா கருவி வைத்துக் கரையிலிருந்த கலங்கரை விளக்கத்தைக் குறிபார்த்தாள். பார்ஜ் நிற்கும் இடத்திலிருந்து விளக்கு எந்தக் கோணத்தில் தெரிய வேண்டும் என்று கணக்கு இருக்கிறது. கைரோவை வைத்துப் பார்த்த கோணமும் அதுவும் அச்சு அசலாக ஒத்துப்போயின.

"வித்தியாசமே இல்ல அண்ணா. வடக்குல நின்னுடுச்சா?"

எல்லப்பனுக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. பேட்டரி விஷயம் யாருக்கும் தெரிய வேண்டியதில்லை. "நின்னுடுச்சு மேடம்," என்றார்.

பாலா தண்ணீருக்குள் இறங்கினான். பக்கத்து மீனவர் குப்பத்துப் பையனாக இருந்து முக்குளிப்பு பழகி, முறையாகப் பயிற்சியும் முடித்தவன். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. குழாய்க்கு ஒரு பக்கமாகத் தள்ளி நின்று, பாளம் எவ்வளவு தூரத்தில் வருகிறது என்று தொலைபேசியில் சொல்வது அவன் வேலை. தலைக்கவசத்துக்குள்ளிருந்து அவன் குரல் மேலே ஸ்பீக்கரில் கேட்கும்: "கலங்கலா கீது மாஸ்டர். என் கையே எனக்குத் தெரில. நீங்கதான் எனக்குக் கண்ணு."

எல்லப்பன் பேட்டரியைத் தூக்கிக்கொண்டு கீழே போனார். மாட்டி முடித்து நிமிர்ந்தபோது கைரோவின் எண் கண்ணில் பட்டது. நாலு டிகிரி மாறியிருந்தது. அதே நேரத்தில் மேலே வின்ச் உறுமும் சத்தம் கேட்டது. வயர்லெஸ்ஸில் ரேணுகாவின் குரல்: "பார்ஜ் திரும்புது சார். பின்பக்கத்த இழுத்து நேராக்குங்க."

எல்லப்பன் அந்த எண்ணையே பார்த்தார். நாலு வடமும் இறுக்கியிருக்கும்போது பார்ஜ் எங்கே திரும்பும்? பார்ஜ் திரும்பவில்லை. கைரோதான் திரும்பிக்கொண்டிருக்கிறது. கொஞ்சம் முன்னால் ரேணுகா பார்த்த நேரத்தில் அது வடக்கில் நிற்கவில்லை. வடக்கைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது! தாண்டும் அந்த நேரம் பார்த்து இவர்கள் குறி வைத்திருக்கிறார்கள். பொய்யான எண்ணை நம்பி இப்போது பார்ஜை நிஜமாகவே திருப்புகிறார்கள். கிரேன் மூக்கு குழாயை விட்டு நகர்கிறது. பாளமோ தண்ணீருக்குள் பாதி வழியில் தொங்குகிறது. நகர்கிற பக்கத்தில்தான் பாலா நிற்கிறான்.

சொன்னால் பேட்டரி கதை வெளியே வரும், நிரந்தரம் போகும். அந்த நினைப்பு வரவே இல்லை என்று சொன்னால் நான் பொய் சொல்கிறேன் என்று அர்த்தம். வந்தது. ஆனால் அது வந்து சேருவதற்குள் எல்லப்பன் பாதி ஏணி ஏறியிருந்தார்.

"நிறுத்து! வின்ச்ச நிறுத்துய்யா! கிரேன நிறுத்து! கைரோ பொய் சொல்லுது!"

அவ்வளவு சத்தம் அந்த வாயிலிருந்து வரும் என்று அம்சாவுக்குக்கூடத் தெரிந்திருக்காது.

தேவசகாயம் ஏன் என்று கேட்கவில்லை. கையைத் தூக்கினார், வின்ச் நின்றது, கிரேன் நின்றது. "பாலா, அங்கிருந்து நகராத," என்று மைக்கில் சொன்னார். ரேணுகா ஓடிப்போய் மறுபடி விளக்கைக் குறிபார்த்தாள். "நாலு டிகிரிக்கு மேல தப்பு சார்." பாளத்தை மெல்ல மேலே தூக்கினார்கள். பாலாவையும் மேலே வரச் சொன்னார்கள்.

"பேட்டரிய மாட்ட மறந்தது நான்தான் மாஸ்டர்," என்றார் எல்லப்பன். "நின்னுடுச்சுன்னு சொன்னதும் நான்தான்."

தேவசகாயம் அவரை ஒரு பார்வை பார்த்தார். "அது நிலைக்கு வர எவ்ளோ நேரம் ஆவும்?"

"சாயங்காலம் ஆயிடும்."

"சரி, சாயங்காலம். சமையல்காரன டீ போடச் சொல்லு."

அலுவலகத்திலிருந்து போன் மேல் போன். அலை ஏறிவிடும், ஒரு நாள் வாடகை வீண் என்று யாரோ காய்ந்தார்கள். தேவசகாயம் எல்லாவற்றுக்கும் "ஆவட்டும் சார்" என்று ஒரே பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

தலை துவட்டிக்கொண்டே பாலா வந்து உட்கார்ந்தான். "இன்னா அண்ணாத்த, காந்தமே இல்லாம அந்தப் பொட்டி எப்டி வடக்கக் கண்டுபுடிக்கிது? அப்டி கண்டுபுடிச்சா அங்கயே நிக்க வேண்டிதுதான? ஏன் ஊர் சுத்துது?"

எல்லப்பன் டீ டம்ளரைக் கீழே வைத்தார். "உள்ள ஒரு சக்கரம் படு வேகமா சுத்திகினு கீது. அப்டி சுத்துறது தன் அச்ச திருப்பாது, வானத்துல ஒரே பக்கம் பாத்துகினு கீயும். ஆனா கீழ பூமி சுத்துதுல்ல? அதனால நம்ம கண்ணுக்கு அந்த அச்சோட ஒரு முனை மெல்ல தூக்குறா மாதிரி இருக்கும். தூக்குனா உள்ள கீற எடை அத சமமாக்கப் பாக்கும். சுத்துற சக்கரத்த நீ ஒரு பக்கம் அமுக்குனா அது அந்தப் பக்கம் போவாது, குறுக்கால திரும்பும். அப்டி திரும்பித் திரும்பி வடக்குக்கு வருது."

"வந்துச்சில்ல, நிக்கட்டுமே."

"வரும்போது முனை இன்னும் தூக்கிகினு இருக்கும்டா. எடை தள்ளிகினே இருக்கும். அதான் தாண்டிப் போயிடும். அந்தாண்ட போனா முனை எறங்கும், எடை திருப்பித் தள்ளும். ஊஞ்சல் மாதிரி. ஒரு தபா போயி வர ஒன்றரை மணி நேரம் கிட்ட ஆவும். ஒவ்வொரு ஆட்டமும் சின்னதாயி சின்னதாயி, பூமி சுத்துற அச்சுக்கு நேரா வந்தப்புறம்தான் அடங்கும். அங்க பூமியால அத தூக்கவும் முடியாது, எறக்கவும் முடியாது. அதான் நெஜமான வடக்கு." சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். "எல்லாம் தெரிஞ்சிதான்டா நின்னுடுச்சுன்னு சொன்னேன். உன்ன உள்ள எறக்கி வுட்டுட்டேன்."

பாலா அவர் டம்ளரை எடுத்து மிச்ச டீயைத் தானே குடித்தான். "ஏத்துனதும் நீதான அண்ணாத்த. வுடு."

ரேணுகா விளக்கைக் குறிபார்த்துக்கொண்டே இருந்தாள். இந்த முறை ஒரு தடவை ஒத்துப்போனதும் யாரும் சந்தோஷப்படவில்லை. அந்தப் பக்கம் தாண்டியது, இந்தப் பக்கம் தாண்டியது. ஒவ்வொரு தடவையும் ஆட்டம் குறைந்தது. வெயில் சாய்ந்தபோது எண் அசையாமல் நின்றது. எவ்வளவு நேரம் பார்த்தாலும் அதே எண்தான். கடலுக்கும் இரக்கம் வந்ததோ என்னவோ, அலை சொன்ன அளவுக்கு ஏறவில்லை.

பார்ஜை நேராக்கி, பாளத்தை இறக்கினார்கள். ஸ்பீக்கரில் பாலாவின் குரல் வந்தது: "வந்துச்சு... வந்துச்சு... ஒக்காந்துச்சு மாஸ்டர்! சொன்ன எடத்துல ஒக்காந்துச்சு!" ரேணுகா எல்லப்பன் பக்கம் திரும்பி, "தேங்க்ஸ் அண்ணா," என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. "நான் ஒரு தடவை பாத்ததோட விட்டிருக்கக் கூடாது."

"பொய் சொன்ன நான்தாம்மா உனக்குக் கடன்பட்டவன்," என்றார் எல்லப்பன். தேவசகாயத்தைப் பார்த்தும் கும்பிட்டார். ஏன் என்று கேட்காமல் கையைத் தூக்கினாரே, அதற்கு.

"கும்புடு இருக்கட்டும். பேட்டரி சமாச்சாரம் ஆபீசுக்குப் போவும்," என்றார் தேவசகாயம். "நீ கத்துனதும் சேந்து போவும். அவங்க இன்னா செய்வாங்கன்னு எனக்குத் தெரியாது."

சாப்பாட்டு நேரத்தில் அம்சா போன் செய்தாள். அவர் நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். அவள், "அப்ப வேலை இன்னாய்யா ஆவும்?" என்றாள்.

எதிரே பாலா மீன் குழம்பை ஊற்றிப் பிசைந்து, கவளம் கவளமாக உருட்டி உள்ளே தள்ளிக்கொண்டிருந்தான். எல்லப்பன் அவனையே பார்த்துக்கொண்டு சொன்னார்: "தெரில அம்சா. இந்தப் பையன் எதுர்ல ஒக்காந்து சோறு துன்னுகினு கீறான்."

அம்சா மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொல்லுய்யா அவனுக்கு," என்றாள். "பொங்கல நான் எப்படியும் வெக்கத்தான் போறேன்."