உண்ணிமுள் கூடை, குறைந்தது இருநூறு

ஒரு சரக்குக்குத் தலைப்பு எழுதுவதில் என்ன பெரிய வித்தை என்று கேட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களில் பாதிப் பேரைப் பிறகு வங்கியில், திருப்பி அனுப்பப்பட்ட பத்திரங்களோடு பார்த்திருக்கிறேன். ஏற்றுமதிப் பிரிவில் முப்பது வருடம் கோப்பு புரட்டி ஓய்வு பெற்றவன் நான். சேந்தமங்கலத்தில் வீடு. ஓய்வு பெற்றவனுக்கு வேலை இருக்காது என்று ஊரே நம்பியதால் என்னிடம் வராத படிவம் கிடையாது.

கொல்லிமலையில், குண்டனி நாடு என்கிற ஊர்க்கூட்டத்தின் பக்கம், பெண்கள் குழு ஒன்று கூடை பின்னிக்கொண்டிருந்தது. மூங்கிலில் அல்ல, உண்ணிமுள்ளில். காட்டையும் மேய்ச்சலையும் தின்று தீர்க்கிற அந்தப் புதரின் தண்டை வெட்டி, பழைய தார் டிரம்மில் வேகவைத்து, சூடு ஆறுவதற்குள் தோலை உரித்தால் உள்ளே வெளிர்மஞ்சளாக, பிரம்பு மாதிரி வளைகிற குச்சி வரும். யாருக்கும் வேண்டாத செடி என்பதால் வெட்ட யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஒரு டிரம் வெந்தால் நாற்பது கூடைக்குக் குச்சி தேறும். வாரத்துக்கு ஒரு டிரம். இந்த நாற்பதுதான் அவர்களுடைய தொழிலின் கணக்கு.

கூடைகளை வாங்கி வெளிநாட்டுக்கு அனுப்பியவர் எங்கள் ஊர் ஏற்றுமதியாளர். வயதில் என்னைவிடச் சின்னவர், பேச்சில் ரொம்பப் பெரியவர். அப்போதுதான் மொத்த வியாபாரத்துக்கென்று இணையத்தில் சந்தைகள் கிளம்பியிருந்தன. பொருளின் படத்தைப் போட்டு, மேலே ஒரு வரித் தலைப்பு எழுதினால் எங்கிருந்தோ ஒரு கொள்முதல்காரர் கடிதம் எழுதுவார். அந்த ஒரு வரிக்கு எழுத்தெண்ணிக்கையில் வரம்பு உண்டு. அதற்குள் பொருள் என்ன, எதனால் ஆனது, குறைந்தபட்சம் எத்தனை எடுக்க வேண்டும் என்ற மூன்றும் அடங்க வேண்டும். எழுதித் தரச் சொல்லி என்னிடம் வந்தார். பஸ் நிலையத்துக்கு எதிரே இருந்த பிரௌசிங் சென்டரில் உட்கார்ந்து ஆங்கிலத்தில் எழுதினேன். தமிழில் சொன்னால் இப்படி: ‘கையால் பின்னிய கூடை, உண்ணிமுள் தண்டு, குறைந்தபட்ச ஆர்டர் இருநூறு.’ இருநூறு என்றால் ஐந்து டிரம், ஐந்து வாரம். மழை வந்தால் ஆறு.

பத்து நாள் கழித்துப் பார்த்தபோது தலைப்பு வேறாக இருந்தது. ‘கையால் பின்னிய கூடை, அசல் பிரம்பு, குறைந்தபட்ச ஆர்டர் ஆயிரம்.’

நான் கேட்டேன். அவர் சிரித்தார். உண்ணிமுள் என்று உலகத்தில் எவனும் தேடமாட்டான், பிரம்பு என்றுதான் தேடுவான் என்றார். இருநூறு என்று போட்டால் சில்லறைக் கடைக்காரன்தான் எழுதுவான், ஆயிரம் என்றால்தான் பெரிய கை வரும் என்றார். “வெறும் தலைப்புதானுங்க சார். கூடை கூடைதானே.”

அன்றைக்கே மாற்ற வைத்திருக்க வேண்டும். வெறும் தலைப்பு என்பது உலகத்தில் கிடையாது, அது தன் குட்டிகளைப் போட்டுக்கொண்டே போகும் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும், ஆர்டர் வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று எழுந்து வந்தேன். ஒரே ஒரு காரியம் மட்டும் செய்தேன். குழுவுக்குக் கொடுக்கும் ஆர்டரை வாயால் கொடுக்காமல், எண்ணிக்கை போட்டு, கையெழுத்துப் போட்டுத் தரும்படி சொன்னேன். பெரிய மனிதர் தோரணையில் உடனே ஒப்புக்கொண்டார், ஆர்டர் வந்ததும் அப்படியே போட்டும் கொடுத்தார்.

ஆர்டர் வந்தது. ஐரோப்பாவில் ஒரு துறைமுக நகரத்தில் கடைகள் வைத்திருக்கிற அம்மாள் ஒருவர் ஆயிரம் கூடை கேட்டார். நமது ஆள் தலைப்பில் இருந்த வரியை அப்படியே, சரக்குக்கு முன்பே வாங்குபவருக்கு அனுப்பும் முன்விலைப் பட்டியலில் ஏற்றினார். அந்த அம்மாளின் வங்கி அதை அப்படியே, சரக்குக்குப் பணம் தருவதாக உறுதி சொல்லும் கடன் உறுதிப் பத்திரத்தில் ஏற்றியது. பிரௌசிங் சென்டரில் அடித்த ஒரு பொய் மூன்றே வாரத்தில் இரண்டு வங்கிகளின் முத்திரையோடு வந்து நின்றது.

மலையில் பெண்களுக்கு ஆயிரம் என்றால் இருபத்தைந்து டிரம். எடப்புளி நாட்டிலிருந்தும் உறவுக்காரப் பெண்களை வரவழைத்தார்கள். அந்த வருடம் மிளகு பறிக்க ஒருத்தியும் கூலிக்குப் போகவில்லை. குழுத் தலைவிக்கு நாற்பது வயது இருக்கும். எட்டாவது வரை படித்தவர், அதிகம் பேசாதவர். தன்னை நம்பித்தான் இத்தனை பேர் மிளகை விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள் என்று ஒரு தடவை என்னிடம் சொன்னார். 

கூடைகள் முடிந்து டெம்போவில் இறங்கின. ஏற்றுமதியாளரின் கிடங்கில் பூச்சி சாகப் புகை போட்டு, பூச்சியும் நோயும் இல்லை என்னும் தாவரச் சான்றுக்காக அதிகாரி வந்து பார்ப்பதற்கு நாள் குறித்தாயிற்று. கேட்டால் பிரம்பு என்று சொல்ல வேண்டும் என்று தலைவிக்கு முன்கூட்டியே சொல்லி அனுப்பியிருந்தார் நம் ஆள். அது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது.

மலைக்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. புது விளைச்சல் முதல் முறையாகக் கீழே இறங்கும்போது, அது எந்தச் செடியின் விளைச்சலோ அந்தச் செடியின் தழையை முதல் சுமையில் கட்டி அனுப்புவார்கள். மிளகு மூட்டையில் மிளகுக் கொடி, மரவள்ளியில் மரவள்ளி இலை. கீழே போகிற சரக்கு தன் வேரை மறக்கக் கூடாதாம். எந்த ஏற்றுமதி விதியிலும் இல்லாத இந்த விதியைப் பெண்கள் ஒழுங்காகக் கடைப்பிடித்திருந்தார்கள். புகையில் தழை வாடிவிடும் என்று, புகை போட்டு முடித்துக் கதவைத் திறந்த பிறகு தலைவி பஸ்ஸில் வந்து இறங்கினார். முதல் கட்டின் கழுத்தில் அன்று காலையில் ஒடித்த உண்ணிமுள் கிளையைத் தன் கையாலேயே கட்டினார். ஆரஞ்சும் மஞ்சளுமாகப் பூ, இலை எல்லாம் அப்படியே.

அதிகாரி உள்ளே வந்ததும் அதைத்தான் பார்த்தார். புகை போட்ட சரக்கின் மேல் பச்சைத் தழை கிடப்பதே முதல் குற்றம். அதை அவிழ்த்து வெளியே எறியச் சொன்னார். பிறகு ஒரு கூடையை எடுத்துத் தண்டைக் கீறிப் பார்த்து, இது என்ன என்று கேட்டார்.

ஏற்றுமதியாளர் வாயைத் திறப்பதற்குள் தலைவி சொல்லிவிட்டார். “அந்தப் பூவுதானுங்க. உண்ணிமுள்ளு.”

சான்றில் தாவரத்தின் அறிவியல் பெயரை எழுதியே ஆக வேண்டும். அதிகாரி கண்ணால் பார்த்ததை எழுதினார், பிரம்பின் பெயரை எழுதவில்லை. இதில் அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. ஆனால் இனி வங்கிக்குப் போகும் காகிதங்களில், விலைப்பட்டியல் பிரம்பு என்னும், சான்று உண்ணிமுள் என்னும். ஒரு பத்திரம் இன்னொன்றோடு முரண்பட்டால் வங்கி சரக்கைப் பார்க்காது, காகிதத்தைத்தான் பார்க்கும், பார்த்துத் திருப்பி அனுப்பும்.

மறுநாள் காலை ஏற்றுமதியாளர் கிடங்குக்கு என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். தலைவியும் இருந்தார். மேசைமேல் ஆங்கிலத்தில் டைப் அடித்த ஒரு தாள். சரக்கு பிரம்பு என்று சொல்லித் தந்தது குழுதான், தவறு இருந்தால் முழுப் பொறுப்பும் குழுவுடையது, சரக்கைத் திருப்பி எடுத்துக்கொள்வோம் என்று அதில் இருந்தது. கீழே தலைவி கையெழுத்துப் போட ஒரு கோடு.

“ஏனம்மிணி, ஒரு தழையக் கட்டி என் பொழப்பையே கெடுத்துட்டயே,” என்றார் அவர். “இதுல ஒரு கையெழுத்துப் போடு. மத்தத நான் பார்த்துக்கறேன்.”

தலைவி தாளை என் பக்கம் நகர்த்தினார். “என்ன எழுதியிருக்குதுங்க ஐயா?”

வரி வரியாகத் தமிழில் சொன்னேன். முடித்ததும் தலைவி ஏற்றுமதியாளர் பக்கம் திரும்பினார்.

“நாங்க எப்பங்க பிரம்புன்னு சொன்னோம்? எங்க பக்கம் பிரம்பே கெடையாது. பேர மாத்தி எழுதினது நீங்க, செடியக் கட்டினது நான். எதுங்க தப்பு?”

முப்பது வருடத்தில் எத்தனையோ விசாரணைக் குறிப்புகளைப் படித்திருக்கிறேன். இவ்வளவு சுருக்கமான ஒன்றைப் படித்ததில்லை. அந்தத் தாளில் அவர் கையெழுத்துப் போடவில்லை.

எனக்கு வந்த கோபம் பெரும்பாலும் என் மேலேயே வந்தது, கொஞ்சத்தை ஏற்றுமதியாளர் மேல் செலவழித்தேன். கையெழுத்து வாங்கினாலும் வங்கி அதைப் படிக்காது, சான்றைத்தான் படிக்கும் என்று சொன்னேன். பொய் சொல்லித் தப்பும் வழி சான்று எழுதிய நிமிடமே அடைபட்டுப் போயிற்று, பத்திரத்தைத் திருத்துவதுதான் ஒரே வழி, திருத்த வாங்குபவர் சம்மதம் வேண்டும், சம்மதம் வேண்டுமானால் உண்மையைச் சொல்ல வேண்டும் என்றேன். கடைசிச் சொல்லைக் கேட்டதும் அவர் முகத்தைச் சுளித்தார்.

கடிதத்தை நானே எழுதினேன். பிரௌசிங் சென்டரில் அவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, அவர் பெயரில், அவர் கையால் அனுப்ப வைத்தேன். தலைப்பில் பிழை என்று எழுத விரும்பினார். பிழை அல்ல என்று சொல்லி அதை நீக்கிவிட்டு, இது பிரம்பு இல்லை, இன்ன செடி, இப்படி வேகவைத்து உரித்தது, மாற்றி எழுதியது நாங்கள் என்று எழுதினேன்.

நான்கு நாள் பதில் இல்லை. அந்த நான்கு நாளும் ஆயிரம் கூடைகள் கிடங்கில் கிடந்தன. மேலே மிளகுப் பறிப்பு முடிந்துவிட்டது.

ஐந்தாம் நாள் அந்த அம்மாள் எழுதினார். நல்ல கோபத்தோடுதான் எழுதியிருந்தார். பிரம்பு என்ற சீட்டோடு விற்றுப் பிறகு அகப்பட்டிருந்தால் தன் கடையின் பெயர் என்ன ஆகும் என்று கேட்டிருந்தார். உண்மையைச் சொன்னதால் நானூறு மட்டும் எடுத்துப் பார்க்கிறேன், பெயரையும் எண்ணிக்கையையும் திருத்திப் பத்திரம் வரும், மீதி வேண்டாம் என்று முடித்திருந்தார்.

மீதி அறுநூறை டெம்போவில் ஏற்றி மலைக்கே திருப்பி அனுப்பத் தயாரானார் நம் ஆள். அப்போதுதான் தலைவி முந்தானை முடிச்சை அவிழ்த்து, நான்காய் மடித்த ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தார். ஆயிரம் என்று எண்ணாலும் எழுத்தாலும் போட்டு ஏற்றுமதியாளரே கையெழுத்திட்ட ஆர்டர்.

“ஆயிரம்னு எழுதினது யாருங்க?”

 அறுநூறும் கிடங்கிலேயே நின்றது, ஏற்றுமதியாளருடைய சரக்காக. அதை விற்க அவருக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. நான் வருந்தவில்லை.

அடுத்த மாதம் மறுபடியும் தலைப்பு எழுத வந்தார், வெட்கமே இல்லாமல். அதற்குள் அவருக்கு உண்ணிமுள் மேல் பெரிய பக்தி வந்திருந்தது. காட்டைக் காக்கும் கூடை என்று போடலாமா, குறைந்தது இரண்டாயிரம் என்று போடலாமா என்றார். குழுவிடம் கேட்காமல் ஒரு எழுத்தும் அடிக்க மாட்டேன் என்று சொல்லி, அவரையே பஸ்ஸில் ஏற்றி மேலே கூட்டிப் போனேன்.

டிரம்முக்குப் பக்கத்தில் நின்றபடி தலைவி எல்லாவற்றையும் கேட்டார். குறைந்தபட்சம் என்றால் என்னவென்று விளக்கச் சொன்னார். விளக்கினேன்.

“அதுக்குக் கொறைஞ்சா உங்களுக்குக் கட்டாதுங்க, அப்படித்தானுங்களே? அத நீங்களே எழுதிக்கோங்க, இருநூறுன்னு. ஆனா அஞ்சு டிரம்முக்கு மேல ஒரு தவணைக்கு எங்களுக்குக் கட்டாது. அதையும் சேர்த்து எழுதுங்க.”

இரண்டும் ஒரே எண்ணாகிவிட்டதே, அதிகபட்சம் எழுத அந்தத் தலைப்பில் இடமில்லையே என்றார் ஏற்றுமதியாளர்.

“அப்ப பிரம்புங்கறத எடுத்துட்டீங்கல்ல, அந்த எடத்துல எழுதுங்க,” என்று சொல்லிவிட்டு, தண்டு ஆறிவிடும் என்று உரிக்கப் போய்விட்டார்.