குடை பிடித்த எழுத்துகள்

திருமழிசை தொழிற்பேட்டை அருகே ஒரு கிளினிக்கில் நான் நர்ஸ். டாக்டர் பெனிசிலின் ஊசி எழுதிய அன்று, ஒரு வடநாட்டுப் பெண்ணிடம், எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாதா என்று என் அரைகுறை இந்தியில் கேட்டேன். அவளுக்கும் இந்தி அரைகுறைதான்; போனை நீட்டினாள். டாக்டரிடம் காட்டச் சொல்லி ஊரில் தம்பி எழுதிய தாளின் போட்டோ. அவளுக்குப் படிக்கத் தெரியாது. தம்பி போனை எடுக்கவில்லை.

"இந்திதான்க்கா. ஊசிய போட்டு அனுப்புங்க" என்றார் வாட்ச்மேன்.

எரிச்சலாக வந்தது. இந்திக்குத் தலையில் நேர்கோடு ஓடும். இந்த எழுத்துகளோ ஒவ்வொன்றும் வளைந்த குடை பிடித்திருந்தன. தெரியாமல் ஊசியைத் தொட மாட்டேன். போனில் தேடினேன்: ஒடியா எழுத்து. பக்கத்துக் கம்பெனியின் ஒடிசாக்காரரை இழுத்து வந்தேன்.

அவர் விழித்தார். "எழுத்து எங்களோடது, சிஸ்டர். பாஷை சந்தாலி மாதிரி இருக்கு, எங்க பக்கத்து ஆதிவாசிங்க பேசுறது. எனக்குப் புரியாது."

"புரிய வேணாம். சத்தமாப் படிங்க."

படித்தார். நடுவில் ஒரு சொல் எனக்கே தெரிந்தது: பெனிசிலின். போடச் சொல்கிறதா, கூடாதென்கிறதா?

அதற்குள், தன் பாஷையைக் காதில் கேட்டதும், கட்டிலில் படுத்திருந்த அவள் எழுந்து உட்கார்ந்து, தன் கழுத்தை இரு கைகளாலும் இறுக்கிக் காட்டினாள்.