பதினேழாம் மனையின் மூலை

2016 மார்ச் 4: மனைப்பிரிவு வரைபடத்துக்கு ஒப்புதல் கிடைத்தது. மொத்தப் பரப்பு 8,000 சதுர மீட்டர். மனைகள் 28, அவற்றுக்கு 5,040, சாலைகளுக்கு 2,080, பூங்காவுக்கு 800, பொதுக் குடிநீர்த் தொட்டிக்கும் மின்மாற்றிக்கும் 80. வரைந்தவர், எல்லோரும் 'ஸ்கேல்' என்றழைத்த வரைவாளர், வயது 44.

அடுத்து நடந்தது கோப்பில் இல்லை. இரு சாலைகள் கூடும் இடத்தில், வண்டிகள் திரும்புவதற்காக மூலை மனையின் கூர்முனையைப் பக்கத்துக்கு மூன்று மீட்டர் விட்டு முக்கோணமாக வெட்ட வேண்டும். வெட்டுக்கோட்டின் இரு முனைகளிலும் எல்லைக்கல் நடுவது வழக்கம். வரைபடத்தில் வெட்டு இருந்தது. ஆனால் பதினேழாம் மனையை வாங்கியவர் ஸ்கேலின் தங்கை.

"மூலை மனைன்னு ஆசையா வாங்கியிருக்கேன். நீயே என் மூக்கை அறுக்கணுமா, அண்ணா?"

இரண்டு கற்களுக்குப் பதிலாகக் கூர்முனையில் ஒரே கல்லை நட்டார் ஸ்கேல். அதை ஒட்டித் தங்கையின் சுற்றுச்சுவர் எழுந்தது. அதே மனைப்பிரிவில் குடியிருந்த ஸ்கேல், அதன் பிறகு அந்த மூலையைத் தவிர்த்து, தம் வீட்டுக்குச் சுற்றுவழியிலேயே போய்வந்தார்.

2023 ஜூன் 12, காலை. கழிவுநீர் லாரி அந்த மூலையில் திரும்பியது. சுவரில் இடிக்காமலிருக்க ஓட்டுநர் அகலமாக ஒடித்தார். எதிர்ப்புறத்துப் பொதுக் குடிநீர்க் குழாயின் வால்வுத் தொட்டிமேல் பின்சக்கரம் ஏறி, வால்வு நொறுங்கியது. இருபத்தெட்டு வீடுகளுக்கும் தண்ணீர் நின்றது.

அன்று மாலை பூங்காவில் குடியிருப்போர் கூடினர்; லாரி ஓட்டுநரையும் வரவழைத்திருந்தனர்.

"கண்ணு மண்ணு தெரியாம ஓட்டினா இப்படித்தான்!" என்றார் சங்கச் செயலாளர். "இந்த ஆளை வேலைய விட்டே தூக்கச் சொல்லி கம்பெனிக்கு எழுதப் போறேன்."

"சார், எங்க ஷெட்டுல என் பேரே ஆமை. நான் வேகமா ஓட்டினேன்னா என் பொண்டாட்டியே நம்ப மாட்டா," என்றார் ஓட்டுநர். சிலர் சிரித்தார்கள். செயலாளர் சிரிக்கவில்லை; ஸ்கேலிடம் திரும்பினார்.

"ஸ்கேல் அண்ணே, ரோடு அகலம் போதும்தானே?"

"ஏழு மீட்டர். போதும்."

அது உண்மை. உண்மையைச் சொல்லியே பொய் சொல்ல முடியும் என்று அவருக்கு உறைத்தது.

ஓட்டுநர் தலைகுனிந்தார். "வரைஞ்சவங்களே சொல்றாங்க. அப்போ என் கணக்குதான் தப்பு போல."

ஸ்கேல் எழுந்தார். "உங்க கணக்கு தப்பில்ல தம்பி. அந்த மூலைய வெட்டியிருக்கணும். பிளான்ல வெட்டு இருக்கு. கல்லை மாத்தி நட்டவன் நான்தான்."

தங்கை எழுந்து வந்தார்.

"ஏழு வருஷம் வாயத் திறக்கல. இப்போ சபையில வச்சு என் மானத்த வாங்கறியா?"

"உன்னை யாரும் ஒண்ணும் சொல்லலம்மா. தப்பு என்னுது."

"செவுரு என்னுதாச்சே!"

தங்கை திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார். செயலாளர் தம் கையிலிருந்த புகார்த் தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

2023 ஜூன் 20: சுவர் இடிக்கப்பட்டது. ஸ்கேல் தாமே அளவுநாடா பிடித்து இரண்டு கற்களை நட்டார். தங்கை வீட்டு ஜன்னல்கள் சாத்தியிருந்தன. சாலையோடு சேர்ந்த பரப்பு: 4.5 சதுர மீட்டர்.