மேலே மட்டும் வைக்கக்கூடிய பெட்டிகள்

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. புத்தளம் டவுனில் இருந்த வாடகை வீட்டை விட்டு, மதுரங்குளியில் நாங்கள் கட்டிய வீட்டுக்குக் குடிபோக ஆயத்தமானோம்.
2. வாப்பாவின் புத்தக அறைக்குப் பூச்சு வேலை பிந்திப்போனது. மற்ற அறைகள் காய்ந்துவிட்டன, அந்தச் சுவர் மட்டும் ஈரமாக இருந்தது.
3. சுவர் காயும் வரை புத்தகங்களைத் தன் தேங்காய் ஸ்டோரில் வைக்கலாம் என்று மாமா சொன்னார்.
4. கிதாபுகள், அதாவது மார்க்கப் புத்தகங்கள், இருந்த பெட்டிகளுக்கு நான் பச்சைக் கோடு போட்டேன்.
5. வாப்பா எல்லாப் பெட்டிகளுக்கும் பச்சைக் கோடு போட்டார்.
6. லொறியில் ஒரு பெட்டியின் மேல் இன்னொரு பெட்டியை வைக்க முடியாமல் போனது.
7. உம்மா சிரித்துச் சிரித்து, சுருட்டி வைத்த பாயின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

இந்த ஏழு சங்கதியையும் யாரிடம் சொன்னாலும் நாலுக்கும் ஐந்துக்கும் நடுவே என்ன நடந்தது என்றுதான் கேட்கிறார்கள்.

வாப்பா தபால் கந்தோரில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். தொண்ணூறில் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, மன்னாரிலிருந்து வந்த அவர் கையில் ஒரு துணிப்பைதான் இருந்தது. அதில் புத்தகம் எதுவும் இல்லை. அங்கே விட்டுவந்த அலுமாரியைப் பற்றி அவர் அதிகம் பேசுவதில்லை. அதற்குப் பதிலாக முப்பது வருடமாகப் புத்தகம் வாங்கினார். கதை, வரலாறு, தாவரவியல், யாரோ வீசிய அகராதி, வாசிக்கத் தெரியாத மொழிகளில் இரண்டு அலுமாரி. "ஒரு தரம் விட்டுட்டு வந்தாச்சு" என்று ஒருநாள் சொன்னார். "இந்தத் தரம் ஒண்டும் விடுபடப்படாது, மகள்." அவ்வளவுதான் சொன்னார். பொதி கட்டும் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன்.

நான் கட்டட வேலைகளுக்குச் சாமான் கணக்குப் பார்க்கப் படித்தவள். எதையும் எழுதி வைத்தால்தான் எனக்கு மூச்சு சீராக வரும். முதலில் பெட்டி. கருவாட்டுப் பெட்டி வேண்டாம், அந்த மணம் காகிதத்தை விட்டுப் போகாது. பிஸ்கட் பெட்டியும் வேண்டாம், தூளுக்கு எறும்பும் கரப்பானும் கூடவே வரும். போட்டோகொப்பிக் கடைகளில் தாள் வரும் பெட்டிதான் சரி. சின்னது, தடித்தது, புத்தகத்தால் நிரப்பினாலும் ஒரு ஆள் தூக்கலாம். அடியில் டேப்பை இரட்டையாக ஒட்ட வேண்டும். பெரிய புத்தகங்களைப் படுக்க வைத்து, மற்றவற்றை அலுமாரியில் நிற்பது போல நிற்க வைக்க வேண்டும். முதுகு மேலே பார்க்க வைத்தால் உள்தாள்களின் பாரம் தைத்த கட்டைப் பிய்த்துவிடும். இடைவெளிக்கு வெள்ளைத் தாளைக் கசக்கி வைக்க வேண்டும். பத்திரிகைப் பேப்பர் என்றால் மை ஒட்டும். பொலித்தீன் பையில் போட்டுக் கட்டவே கூடாது, உள்ளே வியர்க்கும்.

எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. பொதி கட்டும் வேகத்தை மட்டும் என்னால் கணிக்க முடியவில்லை. வாப்பா ஒரு புத்தகத்தைத் தூசி தட்ட எடுப்பார், தட்டுவார், திறப்பார், உட்காரக் கதிரையைத் தேடுவார். காலையில் தொடங்கிய அலுமாரி பின்னேர அஸர் தொழுகைக்கும் பாதியிலேயே நிற்கும். ஒருநாள் மூன்று புத்தகம் பெட்டிக்குள் போனது, ஐந்து வெளியே வந்தது.

உம்மா சட்டம் போட்டார். "டேப் ஒட்டின பெட்டிய இனி யாரும் துறக்கப்படா. புதிய ஊட்டுக்குப் போய்த்தான். துறந்தா, பெட்டியோட ஸ்கூலுக்குக் குடுத்துருவன்."

"எல்லாத்தையுமா?" என்றார் வாப்பா.

"துறந்து பாருங்க, தெரியும்."

முதல் நாள் லொறி வந்தது. மாமாவுக்குத் தேங்காய் ஏற்றும் லொறி. ஓட்டுபவர் கல்பிட்டிப் பக்கத்து ஆள், அண்ணன் முறையில் லொறி நாநா என்றுதான் எங்களுக்குப் பழக்கம். கூட அவருடைய மச்சான். அலுமாரிகளோடு சில பெட்டிகளையும் ஏற்றினார்கள். கிதாபுப் பெட்டிகள் எல்லாவற்றுக்கும் மேலே போக வேண்டும் என்பதற்காகத்தான் நான் பச்சைக் கோடு போட்டிருந்தேன். அதை ஒரு தரம் சொன்னேன், அவ்வளவுதான். பச்சைக் கோடு உள்ள பெட்டியை லொறி நாநா பிஸ்மில்லாஹ் சொல்லி இரண்டு கையாலும் ஏந்தி, குழந்தையைத் தொட்டிலில் கிடத்துவது போல வைத்தார். கோடு இல்லாத பெட்டிகளை மச்சான் கீழே நின்று எறிய, அவர் மேலே நின்று பிடித்தார். தேங்காய் ஏற்றிய கை. எண்ணிக்கை கூடத் தானாக வாயில் வந்தது.

அகராதிப் பெட்டி கைதவறி, மூலை நசுங்க விழுந்தது. வாப்பா கண்ணை மூடிக்கொண்டார். பிறகு பெட்டிகளை எல்லாம் இறக்கச் சொன்னார், அன்று அலுமாரிகள் மட்டும்தான் போயின.

அன்று பகல் நானும் உம்மாவும் மதுரங்குளிக்குப் போய், ஸ்டோரில் பலகைத் தட்டு அடித்தோம். நிலத்தில் செங்கல், அதன் மேல் பலகை, சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி. ஈரமும் கறையானும் ஏறாது, காற்றும் போகும். நான் வரைந்த படத்தில் பெட்டிகள் நாலு நாலாக அடுக்கியிருந்தன. மிக அழகான படம்.

திரும்பி வந்தால், வீட்டு மண்டபம் முழுக்கப் பச்சைக் கோடு.

"வாப்பா, என்ன இது?"

"பொய் இல்ல, மகள்" என்றார், கையில் டேப்போடு. "கிதாபுப் பெட்டிகளப் பிரிச்சு, ஒவ்வொரு பெட்டியிலயும் உச்சியில ஒரு கிதாபு வெச்சிருக்கேன். மெல்லிசுதான். பாத்தியா, இனி ஒண்டையும் எறிய மாட்டாங்க."

உம்மா இடுப்பில் கை வைத்தார். "அப்ப துறந்தீங்க."

"துறந்துட்டு உடனே மூடிட்டேன்."

"வாசிக்கல்லையா?"

"அல்லாஹ்வுக்காக, ஒண்டையும் வாசிக்கல்ல." கொஞ்சம் யோசித்தார். "ரெண்டு பக்கம்."

உம்மா அன்று மன்னித்தார். ஆனால் சட்டம் இன்னும் இறுகியது. இனி ஒரு டேப் கிழிந்தாலும் எல்லாம் ஸ்கூலுக்கு.

மறுநாள் காலை லொறி நாநாவும் மச்சானும் முதல் பெட்டியைப் பக்குவமாக வைத்தார்கள். இரண்டாவதை அதன் பக்கத்தில், மூன்றாவதை அதன் பக்கத்தில். லொறித் தட்டு நிரம்பியது. அடுத்த பெட்டியைத் தூக்கிய மச்சான் அப்படியே நின்றார்.

"நாநா, இத எங்க வெக்க?"

"அதுக்கு மேல வையேன்."

"கீழ கிதாபு இருக்கே."

"மேலயும் கிதாபு தானே?"

"மேல இருக்கிற பெட்டிட உச்சியிலதான் கிதாபு. அடியில கதைப் புத்தகம். கதைப் புத்தகம் கிதாபுக்கு மேல வந்துரும்."

லொறி நாநா பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "மிஸ், இவன் சொல்றது சரிதானே? நீங்கதானே கணக்குப் படிச்ச ஆள்."

சரிதான். மனதுக்குள் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், எப்படிப் பார்த்தாலும் சரி. ஒவ்வொரு பெட்டியும் மேலே மட்டும்தான் இருக்கலாம். கீழே இருக்கத் தகுதியான ஒரு பெட்டி கூட உலகத்தில் மிச்சமில்லை.

அப்போது மாமா வந்து சேர்ந்தார். "எல்லாத்தையும் தலைகீழா வெச்சிருங்களேன்."

"அப்ப கிதாபு எல்லாத்துக்கும் அடியில போகும்" என்றார் மச்சான்.

"சரி, பக்கவாட்டில."

"மாமா, உள்ளுக்குப் புத்தகமெல்லாம் சரிஞ்சு கட்டு பிஞ்சிரும்" என்றேன்.

"அப்ப துறந்து, கிதாப எல்லாம் வேற பெட்டியில..."

"துறக்கிறதா?" என்றார் உம்மா. வாப்பாவின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததை நாங்கள் எல்லாரும் பார்த்தோம். உம்மாவும் பார்த்தார். "கொல்லுவன்" என்று சொல்ல வாய் திறந்தவர், அதற்குப் பதிலாகச் சிரித்தார். சிரிப்பு நிற்கவில்லை. பாயின் மேல் உட்கார்ந்தார். மாமாவுக்கும் தொற்றியது. லொறி நாநா லொறித் தட்டின் விளிம்பில் தலையை வைத்துக்கொண்டு குலுங்கினார். நான் நிதானமான ஆள் என்று எல்லாரும் சொல்வார்கள். அன்று வாசல் படலையைப் பிடித்துக்கொண்டுதான் நிற்க முடிந்தது.

ஆக, ஒற்றை வரிசையாக ஏற்றினோம். லொறி போய்ப் போய் வந்தது. ஒரு தடவையில் ஒரு தட்டு. சந்திக் கடைக்காரர்கள், ஒரே பெட்டியளவு உயரத்துக்கு எதையோ ஏற்றிக்கொண்டு ஊர்வலம் போகிற லொறியைப் பார்த்து, கல்யாணச் சீர் என்று நினைத்தார்களாம். ஸ்டோரில் அதே பிரச்சினை காத்திருந்தது. பாதி இடத்தில் தேங்காய். மீதியில் ஒற்றை வரிசையாகப் பெட்டிகளில் கால்வாசி கூட அடங்காது. அடுக்கவும் மாட்டார்கள், நிலத்தில் வைக்கவும் மாட்டார்கள்.

"கிதாபு எண்டா உசரத்தில இருக்கணும்" என்றார் லொறி நாநா. "உசரமான இடம் எங்க இருக்கு?"

"அலுமாரிட உச்சி" என்றார் உம்மா, போனை எடுத்துக்கொண்டு.

அந்தப் பின்னேரம் மதுரங்குளியில் எங்கள் சொந்தக்காரர் வீடு ஒவ்வொன்றிலும் அலுமாரி உச்சியில் இரண்டு மூன்று பெட்டிகள் ஏறின, ஸ்டோரில் ஒன்றும் மிஞ்சவில்லை. எந்த வீட்டில் எந்தப் பெட்டி என்று எழுதிக்கொண்டேன். கூரை ஒழுகாத பக்கமா, சுவரில் முட்டாமல் இருக்கிறதா என்று ஏறிப் பார்த்தேன். வீட்டுக்கு வீடு தேத்தண்ணி. ஐந்தாவது வீட்டுக்கு மேல் எனக்குக் கோப்பைகளை எண்ண முடியவில்லை.

மழைக்காலம் தொடங்கியது. ஒருநாள் காலை மாமாவிடமிருந்து போன் வந்தது. "மகள், ஸ்டோருக்குள்ள தண்ணி. முழங்கால் வரைக்கும் நிக்கிது. தேங்காயெல்லாம் மிதக்குது."

நான் போட்ட பலகைத் தட்டு கணுக்காலுக்குக் கொஞ்சம் மேல். என் அழகான படத்தில் இருந்த அடுக்குகளில் கீழ் இரண்டு வரிசை தண்ணீருக்குள் போயிருக்கும். நான் அதை வாப்பாவிடம் சொல்லவில்லை, அவரே கணக்குப் போட்டுவிட்டார். புதிய வீட்டு வாசலில் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றார். துணிப்பையோடு வந்த ஆள் எப்படி நின்றிருப்பார் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

"பெட்டி வெச்ச வீடுகளுக்குப் போய்ப் பாப்பமா?" என்றேன்.

லொறி நாநா வந்தார். தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வீடு வீடாகப் போனோம். ஒவ்வொரு வீட்டிலும் கதிரையில் ஏறி, பெட்டியின் அடியைத் தடவிப் பார்த்து, "காஞ்சு இருக்கு" என்று கத்தினேன். வாப்பா கீழே நின்று "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். முதல் வீட்டில் மெதுவாக. பிறகு வர வரச் சத்தமாக. கடைசி வீட்டில் மாமி, மழைக்குப் பயந்து பெட்டிகளைப் பொலித்தீனால் இறுக்கிச் சுற்றி வைத்திருந்தார். அதை உடனே கழற்றினேன், உள்ளே ஈரம் தொடங்கியிருக்கவில்லை. "நான் பாதுகாத்தேனே!" என்று மாமி கோபித்தார். வாப்பா அவருடைய கையைப் பிடிக்காத குறையாக, அவருக்காக அல்லாஹ்விடம் துஆ கேட்டார். லொறிக்குத் திரும்பும்போது வாப்பா தண்ணீரில் காலை ஓங்கி அடித்து அடித்து நடந்தார், சின்னப் பிள்ளை போல. லொறி நாநாவும் அப்படியே. நானும்.

இப்போதைய நிலை: புத்தக அறையின் சுவர் காய்ந்துவிட்டது. எல்லாப் பெட்டிகளும் அறைக்கு வந்து, ஒற்றை வரிசையாக மேசை, கட்டில், மர வாங்கு என்று உயரமான இடங்களில் இருக்கின்றன. ஒரு புத்தகமும் நனையவில்லை. உம்மா சட்டத்தை நீக்கிவிட்டார். ஒரு பெட்டி திறந்திருக்கிறது. வாப்பா அதன் பக்கத்தில் கதிரையைப் போட்டு வாசித்துக்கொண்டிருக்கிறார். அலுமாரிகள் காலியாக இருக்கின்றன.